கடலில் வளர்ந்து கரையில் ஓயும் புயல்: 'டவ்தே' சென்ற பாதை சொல்லும் அறிவியல்

கொச்சி: 2021-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில், கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி மக்கள் ஒரு புயலைக் கண்ணால் காணாமலேயே அதன் விளைவை அனுபவித்தனர். 'டவ்தே' என்று பெயரிடப்பட்ட அந்தப் புயலின் மையம் கேரளக் கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தொலைவில், லட்சத்தீவுகளை ஒட்டியே கடந்து சென்றது. ஆயினும் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, அரபிக் கடலை நேராக எதிர்கொள்ளும் செல்லானம் கிராமத்தில் கடல் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. காயலைப் பார்த்து நிற்கும் மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குத் தெருக்கள் அலையின் நேரடி அடியிலிருந்து தப்பினாலும் மழையிலிருந்து தப்பவில்லை.

கேரளத்தை ஒட்டிச் சென்றபோது அது இன்னும் முழு வளர்ச்சி பெறாத புயல். மே 14-ஆம் தேதி காலை லட்சத்தீவுப் பகுதியில் அது வெறும் தாழ்வு மண்டலமாகத்தான் இருந்தது. அன்று நள்ளிரவை ஒட்டிப் புயலாகவும், மறுநாள் தீவிரப் புயலாகவும் மாறியது. 17-ஆம் தேதி அதிகாலைக்குள் அதன் மையத்தைச் சுற்றிய காற்று உச்சகட்டமாக மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று இரவு குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையை, டையூவுக்குச் சற்றுக் கிழக்கே, மணிக்கு 160 முதல் 170 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அது கடந்தது. பின்னர் ஒரே நாளில் அதன் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, 18-ஆம் தேதி இரவு வாக்கில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. 19-ஆம் தேதி ராஜஸ்தானில் அது தாழ்வு மண்டலமாக மட்டுமே எஞ்சியிருந்தது.

கடலில் மூன்று நாட்களாகச் சேர்த்த வலிமையை நிலத்தில் ஒரே நாளில் இழந்தது ஏன்? மரங்களும் கட்டடங்களும் மலைகளும் காற்றைத் தடுப்பதால்தான் என்று பெரும்பாலோர் விடை சொல்வர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதன்மையான காரணம் அதுவன்று. புயலின் எரிபொருள் எது, அது எவ்வழியாகப் புயலுக்குள் வந்து சேர்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான காரணம் புலப்படும்.

புயலின் எரிபொருள் நீராவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. இந்த வெப்பத்தைக் கடல்தான் தருகிறது. ஆவியான நீருக்குள் அந்த வெப்பம் மறைந்து கிடக்கிறது; இதையே உள்ளுறை வெப்பம் என்கின்றனர். ஆவி மேலே சென்று குளிர்ந்து மீண்டும் துளியாக மாறும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதும் சுற்றியுள்ள காற்றுக்கு வந்து சேர்கிறது. வெப்பமடைந்த காற்று இலேசாகி மேலும் உயர்கிறது. அது விட்டுச் சென்ற இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தை நோக்கிச் சுற்றுப்புறத்திலிருந்து கடல் மட்டத்தை ஒட்டிக் காற்று விரைந்து வருகிறது. புவியின் சுழற்சி அந்தக் காற்றை நேராக மையத்துக்குச் செல்ல விடாமல் வளைப்பதால், வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலத் தொடங்குகிறது.

ஈரத் துணி எப்போது விரைவில் உலர்கிறது என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. காற்று வீசும் நாளில் அது சீக்கிரம் உலரும். கடலுக்கும் இதே விதிதான். காற்று வலுக்க வலுக்கக் கடலிலிருந்து ஆவியாகும் நீரின் அளவும் கூடுகிறது. கூடுதல் ஆவி கூடுதல் வெப்பத்தை மேலே விடுவிக்கிறது. அதனால் மையத்தின் அழுத்தம் மேலும் குறைகிறது. காற்று மேலும் வலுக்கிறது. வலுத்த காற்று இன்னும் அதிக ஆவியை எழுப்புகிறது. தன் எரிபொருளைத் தானே இறைத்துக்கொள்ளும் இயந்திரம் போன்றது புயல். வெதுவெதுப்பான கடல் மீது இந்தச் சுற்று தடையின்றி நடந்தால், லட்சத்தீவில் தாழ்வு மண்டலமாக இருந்த ஒன்று மூன்றே நாட்களில் அதி தீவிரப் புயலாவதில் வியப்பில்லை.

'வெதுவெதுப்பான' என்ற சொல்லுக்கு இங்கே திட்டமான அளவு உண்டு. புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை குறைந்தது 26.5 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது வானிலையியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் வரம்பு. தென்கிழக்கு அரபிக் கடலில், அதாவது கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் இடைப்பட்ட பரப்பில், பருவமழைக்கு முந்தைய மே மாதத்தில் நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். இப்பகுதியைக் கடலியலாளர்கள் அரபிக் கடலின் வெப்பக் குளம் என்றே குறிப்பிடுகின்றனர். 26.5-க்கும் 30-க்கும் இடையே மூன்றரை பாகைதான் வேறுபாடு என்று எண்ணத் தோன்றும். ஆனால் நீரை ஒட்டிய காற்று தாங்கக்கூடிய ஆவியின் அளவு வெப்பத்துடன் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட வேகமாகக் கூடுகிறது. அந்த மூன்றரை பாகை உயர்வில் மட்டும் அது சுமார் 22 சதவீதம் அதிகரிக்கிறது. டவ்தே பிறந்த நீர் இத்தகையது.

கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு தெளிவாகக் காட்டிவிடும்.

வலுவான புயலின் மையத்தை ஒட்டிய பகுதியில், கடல் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலிருந்தும் நொடிக்கு ஆயிரம் ஜூல் வரை, அதாவது ஆயிரம் வாட் அளவுக்கு, வெப்பத்தை இழக்கக்கூடும். ஒரு சதுர மீட்டருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வீதம் கடல் முழுவதும் வைத்து இடைவிடாமல் இயக்குவதற்கு இது சமம். இப்படியே ஒரு நாள் முழுவதும் நீடித்தால் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளியேறும் வெப்பம் 8.64 கோடி ஜூல். இனி, கடலின் மேலடுக்கில் 50 மீட்டர் ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் நீரின் வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் 42 லட்சம் ஜூல் கிடைக்கும். 50 மீட்டர் நீர்த்தூணில் ஒரு பாகை குறைந்தால் 21 கோடி ஜூல். ஆகவே, புயலுக்கு ஒரு நாள் முழுவதும் எரிபொருள் வழங்கிய பின்னும் அந்த நீர்த்தூண் இழக்கும் வெப்பம் 0.4 பாகை மட்டுமே. கடலுக்கு அது கையிருப்பில் தெரியாத செலவு.

இதே கணக்கை நிலத்தில் போட்டுப் பார்ப்போம். மண்ணுக்குள் வெப்பம் நீரைப் போல் கலந்து மேலே வருவதில்லை. மெல்லக் கடத்தப்பட்டுத்தான் வர வேண்டும். எனவே சில மணி நேரத்துக்குள் புயலுக்குப் பயன்படக்கூடியது மேல் மண்ணின் சில அங்குலம் மட்டுமே. தாராளமாக 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழையில் நனைந்த அந்த மண் அடுக்கின் வெப்பம் ஒரு பாகை குறைய வெளியேற வேண்டியது ஏறத்தாழ 3 லட்சம் ஜூல். கடலில் நடந்த அதே ஆயிரம் வாட் வேகத்தில் வெப்பத்தை எடுத்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மண் குளிர்ந்துகொண்டே போகும். அரை மணி நேரத்தில் ஆறு பாகை. அதற்கு முன்பே மண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்து, ஆவியாதல் பெருமளவு நின்றுவிடும். புயலின் மேகம் வெயிலை மறைப்பதால் பகலிலும் மண் மீண்டும் சூடேற வழியில்லை. மழை பெய்து நிலமெங்கும் நீர் தேங்கியிருக்கிறதே, அது ஆவியாகாதா என்று கேட்கலாம். நீர் உண்டு, அதை ஆவியாக்கும் வெப்பம்தான் இல்லை. கரையில் புயல் பட்டினி கிடப்பதன் காரணம் இதுவே.

உராய்வின் பங்கு இதற்கு அடுத்தது. கரடுமுரடான நிலப்பரப்பு தரையை ஒட்டிய காற்றின் வேகத்தை உடனே குறைக்கிறது. கரையேறிய சில நிமிடங்களிலேயே இதை அளவிட முடியும். ஆனால் வேகம் குறைந்த காற்று மையத்தை நோக்கி முன்னைவிட எளிதாகச் சரிகிறது. உள்ளே வந்து சேரும் காற்றில் வளமான ஈரப்பதம் இருந்தால் அது புயலுக்கு உதவவும் செய்யும். நிலத்திலோ அந்தக் காற்று வறண்டது; அதனால் மையத்தின் பள்ளத்தை நிரப்புவதோடு அதன் வேலை முடிகிறது. மலை குறுக்கிட்டால் சுழற்சியே குலைந்துபோகும். சௌராஷ்டிரத்தில் டவ்தேயின் பாதையில் பெரிய மலைத்தொடர் எதுவும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அது ஒரே நாளில் ஓய்ந்தது.

ஓயும் வேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் கப்லான், மார்க் டிமரியா ஆகியோர் 1995-இல் அந்நாட்டின் கரையைக் கடந்த புயல்களின் பதிவுகளைக் கொண்டு ஒரு வாய்பாட்டை உருவாக்கினர். அதன்படி, கரையைத் தொட்டதும் உராய்வால் காற்றின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு உடனே குறைகிறது. அதன் பின், மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் என்ற அடிமட்டத்துக்கு மேலே உள்ள வேகம், ஏறத்தாழ ஏழரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வருகிறது. அமெரிக்கக் கரைக்கென எழுதப்பட்ட வாய்பாடுதான். எனினும் டவ்தேவுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. 165 கிலோமீட்டரில் தொடங்கினால், ஆறு மணி நேரம் கழித்து வேகம் 105. பன்னிரண்டு மணி நேரம் கழித்து 81. ஒரு முழு நாள் கழிந்ததும் 60. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் மணிக்கு 62 கிலோமீட்டர் முதல்தான் புயல். அதற்குக் கீழே ஆழ்ந்த தாழ்வு மண்டலம். மே 18 இரவு டவ்தே வந்தடைந்த நிலையும் அதுவே.

காற்று ஓய்ந்தாலும் மழை ஓய்வதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புயல் வலுவிழந்தது என்ற அறிவிப்பைக் கேட்டதும் ஆபத்து நீங்கியது என்று கருதுவோர் பலர். கடலில் சேர்த்த ஈரப்பதம் நிலத்துக்கு வந்த பின்னும் மேகங்களில் தங்கியிருக்கும். டவ்தேயின் எச்சம் வடக்கே நகர்ந்தபோது அங்கே வந்த மேற்கத்திய இடையூறு என்னும் காற்றமைப்புடன் இணைந்தது. விளைவாக, கரை கடந்த இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், டெல்லியின் சப்தர்ஜங் நிலையத்தில் மே 20 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 119.3 மில்லிமீட்டர் மழை பதிவானது. மே மாதத்தில் அந்நகரம் அதுவரை காணாத மழை அது.

வெதுவெதுப்பான கடல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் கேரளக் கரைக்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே புயலாக மாறி, ஆழ்கடலில் இருந்த ஏராளமான தமிழக, கேரள மீனவர்களின் உயிரைப் பறித்த ஒக்கி, லட்சத்தீவைக் கடந்து மிகத் தீவிரப் புயலாக வளர்ந்தது. பின்னர் டவ்தேயைப் போலவே குஜராத்தை நோக்கித் திரும்பியது. ஆனால் அது டிசம்பர் மாதம். வடக்கு அரபிக் கடலின் நீர் குளிர்ந்திருந்தது. அதோடு, தரையை ஒட்டிய காற்றுக்கும் பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் இடையே திசையும் வேகமும் பெரிதும் மாறுபட்டிருந்தன. அத்தகைய நிலையில் புயலின் மேல்பகுதி ஒரு புறமாகவும் அடிப்பகுதி வேறு புறமாகவும் இழுக்கப்பட்டு, விடுவிக்கப்படும் வெப்பம் மையத்தின் மேல் குவியாமல் சிதறிவிடும். கரையை அடையும் முன்பே ஒக்கி வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாகச் சுருங்கியது. நிலம் தொடாமலேயே புயல் ஓயக்கூடும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

கடலும் எல்லாப் புயலுக்கும் எப்போதும் ஒரே அளவில் எரிபொருள் வழங்குவதில்லை. மேலே சொன்ன 0.4 பாகைக் கணக்கு, வெதுவெதுப்பான நீர் ஆழமாக இருக்கும் இடத்துக்கே பொருந்தும். புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வெப்ப அடுக்கு மெல்லியதாக இருந்து, புயலும் ஒரே இடத்தில் தயங்கி நின்றால், அது தன் காலடி நீரைத் தானே குளிரச் செய்து வலுவிழக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் புயலோ, குளிர்ந்த தடத்தைப் பின்னால் விட்டுவிட்டுப் புதிய வெதுவெதுப்பான நீரை முன்னால் பெறுகிறது. ஆகவேதான் வானிலையாளர்கள் மேற்பரப்பு வெப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை; 26 பாகைக்கு மேற்பட்ட நீர் எத்தனை மீட்டர் ஆழம் வரை இருக்கிறது என்பதையும் கணக்கிடுகின்றனர். கடலுக்குள் மூழ்கி எழும் தானியங்கி மிதவைகளும் செயற்கைக்கோள்களும் இதற்கான தரவுகளைத் தருகின்றன.

நிலத்தில் புயல் ஓயும் வேகமும் மாறிவருகிறது. ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த லின் லீ, பினாகி சக்கரவர்த்தி ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, வட அட்லாண்டிக் கரையைக் கடந்த புயல்களை ஆராய்ந்தது. 1960-களில் அவை கரை கடந்த முதல் நாளில் தம் வலிமையில் சுமார் முக்கால் பங்கை இழந்தன. அண்மைக் காலத்தில் இழப்பது பாதியளவே என்று அது கண்டறிந்தது. கடல் வெப்பமடைந்ததால் புயல்கள் தம்முடன் கூடுதல் ஈரப்பதத்தைச் சுமந்து வருகின்றன என்பதும், கரையில் எரிபொருள் வரத்து நின்ற பின்னும் அந்தக் கையிருப்பு சிறிது நேரம் அவற்றைத் தாங்குகிறது என்பதும் அவர்களின் விளக்கம். அந்த ஆய்வின் எண்கள் அட்லாண்டிக்குக்கு உரியவை. அவற்றை அப்படியே அரபிக் கடலுக்கு எடுத்தாள்வது பொருத்தமன்று.

தமிழக வாசகர்களுக்கு நன்கு நினைவிருக்கும் கஜா புயல், இந்த இயக்கத்தை இரு புறமும் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றுடன் அது கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அங்கிருந்து மேற்கே செல்லச் செல்ல நிலம் அதன் வலிமையை உறிஞ்சியது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி மத்திய கேரளத்துக்குள் வந்தபோது அது ஒரு தாழ்வு மண்டலம் மட்டுமே. காலையில் வேதாரண்யத்தைச் சிதைத்த அதே சுழற்சி, கேரளத்துக்கு வந்தபோது பெரும்பாலும் மழையாகவே உணரப்பட்டது. ஆனால் கேரளக் கரையைத் தாண்டித் தென்கிழக்கு அரபிக் கடலின் வெதுவெதுப்பான நீரைத் தொட்டதும் அது மீண்டும் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றது. சுழற்சி முற்றிலும் குலையாமல் எஞ்சியிருந்ததால், எரிபொருள் கிடைத்தவுடன் அது திரும்ப இயங்கத் தொடங்கியது.

இதனினும் அரிதான நிகழ்வு 2024 ஆகஸ்ட் மாதத்தில் நேர்ந்தது. நிலத்தின் மீது நகர்ந்துவந்த ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் குஜராத்தில் பல நாட்கள் பெருமழையைக் கொட்டியபடி வலுவிழக்காமல் நீடித்தது. பருவமழையில் நனைந்து ஊறிய நிலமும் அருகிலிருந்த கடலிலிருந்து இடைவிடாமல் வந்த ஈரக் காற்றும் அதற்குத் துணை நின்றன. ஆகஸ்ட் 30-ஆம் தேதி கட்ச் கரையைத் தாண்டி அரபிக் கடலுக்குள் இறங்கியதும் அது 'அஸ்னா' என்ற பெயருடன் புயலாக மாறியது. ஆகஸ்ட் மாதத்தில் அரபிக் கடலில் புயல் உருவானது 1976-க்குப் பின் அதுவே முதன்முறை. பின்னர் மேற்கே நகர்ந்த அது, கரை எதையும் கடக்காமல் கடலிலேயே வலுவிழந்தது.